எறும்பு மருந்து: வரிசை நீண்டால் கவலை வேண்டாம்

கேள்வி (பாலக்கோடு): மாம்பழக் கூடை வைத்த மூலைக்குச் சின்ன மஞ்சள் எறும்பு வரிசையாக வந்தது. ஸ்பிரே அடித்தேன். நாலு நாளில் சமையலறை, பூஜை அறை, குளியலறை என்று மூன்று வரிசை. ஏன்?

ஸ்பிரேயில் செத்தவை தீனி தேடி வெளியே வந்த வேலைக்காரிகள் மட்டும்தான். இந்த மஞ்சள் சிற்றெறும்புக் கூட்டில் ராணிகள் பல இருக்கும். தொந்தரவு வந்ததும் சில ராணிகளும் வேலைக்காரிகளும் முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு வேறு சுவருக்குப் போய்த் தனிக்கூடு போட்டுவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். சாக்பீஸ் கோடும் உடனே கொல்கிற மருந்துதான், கூடு வரை போகாது.

கேள்வி (காவேரிப்பட்டணம்): போரிக் பவுடரைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். முதல் நாள் எறும்பு இரண்டு மடங்கு ஆனது, பயந்து துடைத்துவிட்டேன். அடுத்த முறை 100 மில்லியில் இரண்டு டீஸ்பூன் போட்டேன். கிட்டவே வரவில்லை.

முதல் முறை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அம்மா. நல்ல தீனி கண்ட எறும்பு, திரும்பும் வழியெல்லாம் வயிற்றுச் சுரப்பியால் தரையில் வாசனை வைத்துக்கொண்டே போகும். அதைப் பிடித்து வருகிற எறும்பும் குடித்துவிட்டு அதன் மேலேயே வாசனை வைக்கும். தடம் அழுத்தமாக ஆக, கூட்டம் பெருகும். அந்தக் கூட்டம்தான் மருந்தைக் கூட்டுக்குச் சுமக்கிறது. அங்கே வாயோடு வாய் வைத்து ராணிக்கும் புழுவுக்கும் ஊட்டும். ஊட்டி முடிக்கும் வரை அது உயிரோடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் மெதுவான மருந்து.

இரண்டு டீஸ்பூன் என்பது கிட்டத்தட்ட 8 கிராம். அந்த அளவை எறும்பு ஒதுக்கும். குடித்தாலும் சீக்கிரம் செத்துவிடும், தடம் தேய்ந்துவிடும். சரியான அளவு 100 மில்லி வெந்நீருக்கு 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர், அதாவது தலைதட்டிய கால் டீஸ்பூன். ஆறியதும் பஞ்சில் நனைத்து மூடியில் வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் வற்றினால் மருந்து தானாகவே கெட்டிப்படும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழந்தை, நாய், பூனைக்கு எட்டவே கூடாது.

பஞ்சைச் சுற்றிப் பிணம் கிடந்தால் மருந்து அதிகம். வரிசை சில நாள் தடித்து, பிறகு மெலிந்தால் வேலை நடக்கிறது. மூன்று நாலு வாரம் விடாமல் வைக்க வேண்டும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): தடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைக்கலாமா?

மருந்து வைத்திருக்கும் வரை வேண்டாம், அந்த வாசனைதான் உங்களுக்கு ஆள் அனுப்புகிறது. அதற்குப் பதில் மாம்பழத்தை மூடி வையுங்கள். பழம் திறந்து கிடந்தால் உங்கள் சர்க்கரைத் தண்ணீர் அதோடு போட்டி போட வேண்டியிருக்கும். வரிசை முழுதும் நின்ற பிறகு நன்றாகத் தேய்த்துக் கழுவலாம்.