நாணயம் சுண்டினால் எத்தனை ஓட்டம்? கேள்வி பதில்

கல்லூரி மாணவி: 10 முறை சுண்டினால் சராசரியாக எத்தனை ஓட்டம் வரும்? 1024 வரிசைகளையும் எழுதிப் பார்க்க வேண்டுமா சார்?

வேண்டாம். ஒரே முகம் தொடர்ந்து விழும் தொகுப்பைத்தான் ஓட்டம் என்கிறோம், ஒற்றையாக விழுந்தாலும் அது ஒரு ஓட்டம். தலை தலை பூ பூ பூ தலை பூ தலை தலை தலை என்று விழுந்ததாக வையுங்கள். ஓட்டங்களை எண்ணினால் 5. இப்போது முகம் மாறிய இடங்களை மட்டும் எண்ணுங்கள், 4. முதல் சுண்டலே ஒரு ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறது, அப்புறம் ஒவ்வொரு மாற்றமும் ஒன்றைக் கூட்டுகிறது. அதனால் 2ஆவது சுண்டலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுட்டு மாறி வையுங்கள்: முந்தைய முகத்திலிருந்து மாறினால் 1, இல்லையென்றால் 0. மாற வாய்ப்பு பாதி, எனவே ஒவ்வொன்றின் சராசரியும் 1/2. இப்படி 9 மாறிகள், ஆக 1 + 9/2 = 5.5. பொதுவாக n முறைக்கு (n+1)/2.

பயிற்சி மைய மாணவர்: அடுத்தடுத்த மாறிகள் ஒரே சுண்டலைப் பகிர்கின்றன. சார்பு இருக்கும்போது கூட்டுவது தப்பு. சமமில்லாத நாணயத்துக்கு இந்த வழி செல்லாது.

சார்பு பற்றிச் சொன்னது பாதி சரி. தலை விழ வாய்ப்பு 0.6 என்றால் அடுத்தடுத்த மாறிகளுக்குள் சார்பு உண்டு. சம நாணயத்தில் மட்டும் அது மறைந்துவிடும். ஆனால் சராசரிகளைக் கூட்டச் சார்பின்மை தேவையே இல்லை. மாற வாய்ப்பு 2 × 0.6 × 0.4 = 0.48, எனவே 10 சுண்டலுக்கு 1 + 9 × 0.48 = 5.32. சார்பு குறுக்கே வருவது, எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்பதை அளக்கும் பரவற்படியில்தான்.

ஒரு வாசகர்: நான் 20 முறை சுண்டினேன், தலையே 5 முறை தொடர்ந்து விழுந்தது. நீங்கள் சொல்லும் சராசரிப்படி என் நாணயம் கோளாறா?

நீங்கள் பார்ப்பது ஓட்டத்தின் நீளம், அது வேறு கணக்கு. அடுத்தடுத்த 5 சுண்டல்கள் 16 இடங்களில் தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் 5ம் ஒரே முகமாக (தலையோ பூவோ) இருக்க வாய்ப்பு 1/16. ஆக சராசரி 1. நீளமான ஓட்டம் ஒன்றே பல இடங்களில் எண்ணப்படுவதால், ஒரு முறையாவது வரும் வாய்ப்பு சுமார் 46%. கோளாறு சொல்ல இது போதாது.

பள்ளி ஆசிரியை: வீட்டில் 100 முறை சுண்டி வரச் சொன்னேன். ஒரு பையனின் தாளில் 65 ஓட்டம். உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டானோ?

சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. சராசரி 50.5. சம நாணயத்தில் மாறிகள் சார்பற்றவை, பரவற்படி 99/4, அதன் வர்க்கமூலமான திட்டவிலக்கம் கிட்டத்தட்ட 5. அவன் தாள் ஏறக்குறைய மூன்று விலக்கம் மேலே போயிருக்கிறது. மனதால் எழுதுகிறவர்கள் முகத்தை அடிக்கடி மாற்றிவிடுவார்கள். ஆனால் உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்து எல்லோரும் நேர்மையாகவே சுண்டியிருந்தாலும், யாராவது ஒருவருக்கு 65 அல்லது அதற்கு மேல் வர ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தத் தாளில் எந்த ஓட்டமும் 4ஐத் தாண்டவில்லை என்றால் என் சந்தேகம் கூடும், அப்போதும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவனை உங்கள் எதிரிலேயே இன்னொரு 100 சுண்டச் சொல்லுங்கள்.