விற்ற பணம் எங்கே போனது? வாசகர் கேள்வி-பதில்

தீபாவளிக்கு முன்பு குழந்தைகள் உடை ஆன்லைனில் நன்றாக விற்றது. இப்போது இரண்டு வாரமாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. கணக்கில் மைனஸ் 2,750 என்று காட்டுகிறது. சரக்கைக் கொடுத்த எனக்கே கடனா?
– திருப்பூர் வாசகி

நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை இரண்டு முறை பார்த்தேன், அம்மா. பெரும்பகுதி சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். அது எப்படி என்று புரிந்தால்தான் தவறாகப் பிடித்தது எது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் உடை ஒன்று 400 ரூபாய். அதில் கமிஷன் 40, அனுப்பும் கூலி 60 போக 300 உங்கள் கைக்கு வருகிறது. தீபாவளி வாரத்தில் 90 உடைகள் வாடிக்கையாளர் கையில் சேர்ந்தன. அதற்கான 27,000 ரூபாய் உடனே வந்துவிட்டது. துணிக்கடைக்குக் கொடுக்க வேண்டியது, தையல்காரருக்குக் கொடுக்க வேண்டியது என்று அது செலவும் ஆகிவிட்டது.

அந்த 90-ல் 25 உடைகள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பின. ஒவ்வொன்றுக்கும் வாங்கியவருக்கு 400 ரூபாய் போய்விடும். கமிஷன் 40 உங்களுக்குத் திரும்ப வரும். போன கூலி 60 வராது. திரும்பி வந்த கூலி 90 ரூபாயும் உங்கள் தலையில்தான். ஆக ஒரு உடைக்கு 450 ரூபாய், 25 உடைக்கு 11,250. அதே வாரத்தில் பண்டிகை முடிந்து விற்பனை படுத்துவிட்டது. சேர்ந்தது 30 உடைகள், வரவு 9,000. மிச்சம் மைனஸ் 2,250. தாமதமாக அனுப்பிய ஐந்து பார்சலுக்குத் தலா 100 அபராதம் சேர்ந்தால் நீங்கள் சொன்ன 2,750 வந்துவிடுகிறது.

அதாவது, போன மாத விற்பனையின் ரிட்டர்ன் இந்த மாத வரவைத் தின்கிறது. விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இது கண்ணில் படாது. விற்பனை விழும் வாரத்தில்தான் முழுசாக வெளியே வரும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். உடையின் அடக்கம் 220 என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றால் லாபம் 80. திரும்பினால் இரண்டு கூலியும் சேர்ந்து நஷ்டம் 150. ஒரு ரிட்டர்னை ஈடுகட்ட இரண்டு உடை விற்க வேண்டும். அழுக்காகவோ கிழிந்தோ வந்தால் அந்த 220-ம் சேர்ந்து போகும். அளவு அட்டவணையில் வயதை மட்டும் போடாமல் மார்பளவையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் போடுங்கள். குழந்தை உடையில் திரும்புவதற்கு முக்கியக் காரணம் அளவுதான்.

இப்போது தவறாகப் பிடித்திருக்கக்கூடியது. உங்கள் தாளில் ஏழு பார்சலுக்கு ஒன்றரை கிலோ கூலி போட்டிருக்கிறார்கள். உடையின் எடை 400 கிராம்தான். ஆனால் பெட்டி 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 10 உயரம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் ஒன்றரை கிலோ வருகிறது. பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றும் கணக்கு இது, கூரியர்களில் வழக்கமானது. நீங்கள் அந்தப் பெட்டியில்தான் அனுப்பினீர்கள் என்றால் கூலி சரி, அடுத்த முறை பாலிதீன் உறைக்கு மாறுங்கள். உறையில்தான் அனுப்பினீர்கள் என்றால் தராசின் மேல் பார்சலை வைத்து, பக்கத்தில் டேப்பை நீட்டி எடுத்த படத்துடன் மறுப்புப் பதிவு செய்யுங்கள். ஏழுக்கும் தனித்தனியாக, ஆர்டர் எண்ணோடு. மொத்தமாக எழுதினால் மொத்தமாகத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைத்து, பொருந்தாத இரண்டைத் திருப்பி அனுப்புவேன். இப்போது என் கணக்கில் இலவச ரிட்டர்னை நிறுத்திவிட்டார்கள். புகார் செய்யலாமா?
– கோவை வாசகர்

செய்யாதீர்கள். மேலே உள்ள கடிதத்தைப் படியுங்கள். நீங்கள் திருப்பும் ஒவ்வொரு சட்டைக்கும் யாரோ ஒருவர் 150 ரூபாய் கொடுக்கிறார்.

இதை நானும் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன்பு மூன்று ஜோடி செருப்பு வாங்கி இரண்டைத் திருப்பினேன். ஈரோட்டிலிருந்து அந்த விற்பனையாளர் போன் செய்து, "சார், செருப்பில் என்ன குறை? சொன்னால் திருத்திக்கொள்கிறேன்" என்று கேட்டார். குறை ஒன்றுமில்லை என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. ஒரு டேப்பை எடுத்துப் பாதத்தை அளக்க ஒரு நிமிடம் ஆகாது.

சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். ஆன்லைனில் கட்டணம் கட்டிய சவாரிப் பணம் வங்கிக்கு வரவில்லை. ஆப்பில் மைனஸ் 210 காட்டி டியூட்டியையும் நிறுத்திவிட்டது.

ரொக்கச் சவாரியில் உங்கள் பையில் இருக்கும் பணம் முழுக்க உங்களுடையது அல்ல. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ரொக்கமாக 1,600 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். 20 சதவீதக் கமிஷன் 320. அது உங்கள் பையில் இருக்கிறது, ஆப்பில் கடனாக நிற்கிறது. மாலையில் 250 ரூபாய்க்கு ஆன்லைன் சவாரி. அதில் உங்கள் பங்கான 200-ஐ அந்தக் கடனில் கழித்தார்கள், மிச்சம் மைனஸ் 120. இதுவரை சரி. பிறகு சுங்கக் கட்டணம் 90 ரூபாய் அதிகமாக வாங்கியதாகப் பயணி புகார் செய்ய, அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்து உங்கள் கணக்கில் ஏற்றினார்கள். மைனஸ் 210.

120-ஐக் கட்டுங்கள், 90-ஐ விடாதீர்கள். சுங்கச்சாவடியைத் தாண்டியபோது ஃபாஸ்டேகில் பணம் எடுத்ததற்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும். அதில் நேரம் இருக்கிறது, சாவடியின் பெயர் இருக்கிறது. பயண எண்ணோடு அந்தச் செய்தியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள், ஆப்பின் உதவிப் பகுதியிலேயே எழுதுங்கள். பேச்சுக்குச் சாட்சி கிடையாது. டியூட்டி தடையை நீக்க 210-ம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 90 ரூபாயை மறுப்புடன் கட்டுகிறேன் என்று முதலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

ரொக்கச் சவாரி முடிந்ததும் கமிஷன் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து கை போகக் கூடாது.

மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும் என்றும், காரணமில்லாமல் சவாரியை ரத்து செய்தால் அபராதம் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் என்றும் இருக்கிறது. மாநிலம் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தால்தான் அது உங்களுக்குப் பிடிமானம். ஆனாலும் 100-க்கு மேல் பிடித்தால் அதைக் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

பெங்களூரில் உணவு டெலிவரி செய்கிறேன். "விதிமீறல்" என்று 1,200 ரூபாய் பிடித்துவிட்டார்கள். எந்த ஆர்டர், என்ன விதி, எதுவும் சொல்லவில்லை. அந்த வாரச் சம்பாத்தியம் முழுக்கப் போய்விட்டது.
– தர்மபுரி வாசகர்

தம்பி, உங்கள் கடிதம் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. பிடித்தம் இருக்கட்டும். எதற்கு என்று சொல்லாத பிடித்தத்தை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மளிகைக் கடை அண்ணாச்சிகூடக் கடன் நோட்டில் தேதி போட்டு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று எழுதித்தான் காசு கேட்கிறார். எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்பதுவரை பதிந்து வைத்திருக்கும் நிறுவனத்தால் ஒரு ஆர்டர் எண்ணைச் சொல்ல முடியாதா? முடியும். சொன்னால் நீங்கள் மறுத்துப் பேசுவீர்கள், அதனால்தான் சொல்வதில்லை. ஆர்டர் எண் இல்லை, தேதி இல்லை, ஆதாரம் இல்லை என்றால் எனக்கு அது அபராதமே அல்ல.

நீங்கள் கர்நாடகத்தில் வேலை செய்வது இந்த விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. அங்கே 2025-ல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம், அதாவது ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்கான சட்டம், ஊதியத்தில் பிடித்தம் செய்தால் அதன் காரணத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு மூன்றே கேள்வி எழுதுங்கள்: எந்த ஆர்டர், எந்த விதி, என்ன ஆதாரம். பதில் இல்லையென்றால் அங்குள்ள தொழிலாளர் துறைக்கு அதே கடிதத்தின் நகலோடு போங்கள். வாரக் கணக்கை ஆப்பிலிருந்து இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் பழைய பக்கங்களைத் திறக்கவே முடியாது.

திரும்பி வந்த பார்சலில் நான் அனுப்பிய பட்டுப்புடவைக்குப் பதில் பழைய காட்டன் புடவை. ஈடு கேட்டதற்குக் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். 3,400 ரூபாய் மைனஸ்.
– ஆரணி வாசகி

உங்களை ஏமாற்றியவர் நன்றாக இருக்க மாட்டார். ரிட்டர்ன் வந்த தேதியிலிருந்து சில நாட்களுக்குள் கேட்க வேண்டும் என்று பெரும்பாலான தளங்களில் கெடு உண்டு, நீங்கள் மூட்டையைப் பதினோரு நாள் பிரிக்கவில்லை. இனி ரிட்டர்ன் பார்சலை வந்த அன்றே பிரியுங்கள். லேபிள் தெரியும்படி தொடங்கி, ஆறு பக்கமும் காட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்வரை ஒரே வீடியோவாக எடுங்கள். நடுவில் நிறுத்தினால் ஏற்க மாட்டார்கள்.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. கூரியர் பதிவில், போகும்போதும் திரும்பும்போதும் பார்சலின் எடை இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கித் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்காக ஒரு சேவையைப் பெறுபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொன்னாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வீட்டிலிருந்து நீங்களே கட்டி அனுப்புகிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பத்துப் பேரை வைத்துக் குடோன் நடத்துபவருக்கு இது நிற்காது. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

"மைனஸ் பேலன்ஸை உடனே கட்டினால் நிறுத்திய பணம் 8,000 ரூபாய் வந்துவிடும்" என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவர்கள் அனுப்பிய க்யூஆர் கோடில் 1,900 கட்டினேன். அப்புறம் போனை எடுக்கவில்லை.
– மதுரை ஆட்டோ ஓட்டுநர்

அது கம்பெனி இல்லை, அண்ணா. இதைப் படித்ததும் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், நாள் போகப் போகப் பணம் கைமாறிவிடும். வங்கிக்கும் சொல்லுங்கள். பாக்கி எதுவாக இருந்தாலும் ஆப்புக்குள் இருக்கும் கட்டணப் பக்கத்தில் மட்டும் கட்டுங்கள்.

மைனஸ் 640 இருக்கிறது. அந்தத் தளத்தை விட்டுவிட்டு வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா?

கூடாது. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் ஒன்றுதானே, இரண்டு கணக்கையும் சேர்த்து முடக்குவார்கள். 640-ஐக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.