கட்டுரையில் உள்ள புள்ளிவிவரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: வெளியிடும் முன் ஒரு புள்ளிவிவரத்தின் மூலத்தை எப்படித் தேடுவது? அது காலாவதியானதா என்று எப்படி அறிவது?

“உலகில் 73.6 கோடிப் பேர் கடும் வறுமையில் வாழ்கிறார்கள்” என்ற வரி உங்கள் வரைவில் இருப்பதாகக் கொள்வோம். இதைப் பத்துச் செய்திகள் சொன்னாலும் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையே என்பதால், அவற்றைப் பத்துச் சான்றுகளாக எண்ணக் கூடாது. ஒவ்வொன்றும் யாரை மேற்கோள் காட்டுகிறது என்று பின்னோக்கிச் சென்றால், 2018-இல் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீட்டில் போய் நிற்பீர்கள்.

மூலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வெளியான ஆண்டையன்று, தரவு எந்த ஆண்டுக்குரியது என்பதையே. இந்த எண் 2015-க்குரியது. ஆகவே “வாழ்கிறார்கள்” என்ற நிகழ்காலமே பிழை. அடுத்து, வரையறை. அன்று கடும் வறுமைக்கோடு நாளொன்றுக்கு 1.90 டாலர், 2022-இல் அது 2.15 ஆகவும், 2025 ஜூனில் 3 டாலராகவும் திருத்தப்பட்டது. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்தால், கோடு உயர்ந்ததால் கூடிய எண்ணிக்கையை வறுமையே பெருகியதாக வாசகர் எடுத்துக்கொள்வார். எண் சரியாக இருந்தும் கூற்று தவறாவது இப்படித்தான். என் பார்வையில், தட்டச்சுப் பிழையைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது இதுவே.

பழைய எண் தேவையென்றால் ஆண்டையும் கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். ஒப்பீடு தேவையென்றால், ஒரே கோட்டின்படி எல்லா ஆண்டுகளுக்கும் மறுகணக்கிட்ட தொடரை உலக வங்கியின் வறுமைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டுகளின் எண்களும் அங்கே திருத்தப்படுவதுண்டு.