களப்பணிக்கு ஸ்டடி லீவ்: முதல்வருக்கு எழுதும் கடிதம்

*"நான் தமிழ்நாட்டில் ஒரு கேந்திரிய வித்யாலயாவில் உயிரியல் பி.ஜி.டி., அதாவது முதுநிலை ஆசிரியை. ஒன்பது வருட சர்வீஸ். பள்ளியிடம் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்கி, பகுதி நேர பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறேன். கோடியக்கரையில் வலசைப் பறவைகள் பற்றிய ஆய்வு. வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கேயே இருந்தாக வேண்டும். என்.ஓ.சி. இருப்பதால் லீவ் கிடைத்துவிடும் என்கிறார்கள். முதல்வருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?"*

என்.ஓ.சி.யை நம்பி இருக்காதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளின்படி அந்தச் சான்று மூன்று விஷயங்களைத்தான் சொல்லும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும் அளவுக்கு உங்கள் வேலை இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்பார்கள். களப்பணி என்ற பேச்சே அதில் கிடையாது. ஆகவே இந்த லீவைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துவது 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகள். ஐந்து வருட சர்வீஸ் முடித்தவர் ஸ்டடி லீவ் கேட்கலாம். பொதுவாக ஒரே தடவையில் 12 மாதம் வரை, மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம் வரை. நீங்கள் கேட்பது ஆறு மாதம்தான், அதில் சிக்கல் இல்லை. உங்கள் லீவ் கணக்கில் இதைக் கழிக்க மாட்டார்கள். இந்தியாவுக்குள் படிப்பதால் கடைசியாக வாங்கிய சம்பளமும் அகவிலைப்படியும் வரும். உதவித்தொகை ஏதாவது வாங்கினால் அதைச் சொல்லியாக வேண்டும், சம்பளத்தில் சரிக்கட்டிவிடுவார்கள்.

கடிதம் முதல்வர் பெயருக்குப் போனாலும் அனுமதிப்பவர் அவர் இல்லை. அவர் பரிந்துரைத்து மேலே அனுப்புவார். மேலே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. அவர் விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்ப்பார். அந்த விதியில் இரண்டு இடங்களை நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, படிப்புக்கும் வேலைக்கும் நேரடியான, நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது விதி. கூடவே வெறும் ஏட்டுக்கல்வி, இலக்கியப் பாடங்களுக்கு ஸ்டடி லீவ் இல்லை என்றும் சொல்கிறது. தமிழ், வரலாறு ஆசிரியர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உங்களுக்கு வழி சுலபம். பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியலில் சூழலியல் ஒரு தனி அலகு. உயிரினத்தொகை, சூழல் மண்டலம், பல்லுயிர்ப் பாதுகாப்பு எல்லாம் அதில் வருகின்றன. நீங்கள் பறவைகளை எண்ணப்போவதும் அதற்காகத்தான். பாடப்பகுதியின் பெயரையே கடிதத்தில் எழுதுங்கள். "ஆசிரியர் தொழிலுக்கு உதவும்" என்று பொதுவாக எழுதினால் கேள்வி போட்டுத் திருப்பி அனுப்ப இடம் கொடுத்துவிடுவீர்கள்.

இரண்டாவதுதான் பலர் கோட்டைவிடுவது. லீவ் முடிந்து வந்ததும் படிப்பை முடித்ததற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டாலும், திரும்பி வந்து மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டாலும், லீவ் சம்பளத்தை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். இதற்காகப் பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது யோசியுங்கள்: "பிஎச்.டி. முடிக்க" என்று ஆறு மாதம் கேட்டால், ஆறாவது மாதக் கடைசியில் எதைக் காட்டுவீர்கள்? பட்டம் வர வருடங்கள் ஆகும். அதனால் லீவின் வேலையைக் களப்பணி என்று எல்லை கட்டி எழுதுங்கள். எப்போது முடியும், யார் சான்று தருவார் என்பதும் கடிதத்திலேயே இருக்கட்டும்.

மாதிரி ஒன்று தருகிறேன். அலுவலகம் கேட்கும் மொழியில் மாற்றிக்கொள்ளலாம்.

> பெறுநர்: முதல்வர் அவர்கள்
>
> பொருள்: முனைவர் பட்ட ஆய்வின் களப்பணிக்காக 1.10.2026 முதல் 31.3.2027 வரை கல்வி விடுப்பு கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> இப்பள்ளியில் உயிரியல் முதுநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஒன்பது ஆண்டு முறையான பணியை முடித்துள்ளேன். தங்கள் தடையின்மைச் சான்றின் பேரில் பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துள்ளேன்.
>
> கோடியக்கரைச் சரணாலயத்தில் நீர்மட்ட மாற்றத்துக்கும் கரையோர வலசைப் பறவைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு என் ஆய்வுப் பொருள். இது நான் கற்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு சூழலியல் அலகோடு நேரடித் தொடர்புடையது. பறவைகள் அங்கு இருக்கும் பருவம் இதுவே என்பதால் களப்பணியைக் கோடை விடுமுறைக்கு மாற்ற இயலாது.
>
> விடுப்புக் காலத்தில் ஒரு வலசைப் பருவத்துக்கான கணக்கெடுப்பை முடிப்பேன். முடித்ததற்கான ஆய்வு நெறியாளரின் சான்றையும் அறிக்கையையும் பணியில் சேரும்போது அளிப்பேன். உதவித்தொகை எதுவும் பெறவில்லை. விதிப்படியான பத்திரம் எழுதித் தரவும், திரும்பி வந்து மூன்று ஆண்டு பணியாற்றவும் சம்மதிக்கிறேன்.
>
> 2026-27 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பை எனக்கு ஒதுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் செப்டம்பர் வரையிலான பாடங்களை முடித்து, மீதிக்கான பாடத் திட்டத்தை ஒப்படைப்பேன்.
>
> இவ்விண்ணப்பத்தைத் தங்கள் பரிந்துரையுடன் உரிய அதிகாரிக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: தடையின்மைச் சான்று, பதிவு ஆணை, நெறியாளர் கடிதம், மாதவாரிக் களப்பணித் திட்டம், வனத்துறை அனுமதி

கடைசிப் பத்திக்கு முந்தையது விதிக்காக எழுதியது அல்ல, முதல்வருக்காக எழுதியது. ஜனவரி, பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு, அதையொட்டி போர்டு தேர்வு. அந்த நேரத்தில் உயிரியல் ஆசிரியை இல்லை என்றால் எந்த முதல்வரும் மனதாரப் பரிந்துரைக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒப்பந்த ஆசிரியர்களுக்கான நேர்காணலைக் கேந்திரிய வித்யாலயாக்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடத்திப் பட்டியல் தயாரிக்கின்றன. அதற்கு முன்பே நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பட்டியலில் ஓர் உயிரியல் ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருக்கும். ஏப்ரலில் டைம்டேபிள் போட்ட பிறகு போனால் அதே கடிதத்துக்கு வேறு முகம் காட்டுவார்.

வனத்துறை அனுமதியை இணைப்பில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது வராமல் லீவ் தொடங்கிவிட்டால் நாள் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் வாசலில் நிற்பீர்கள். பல்கலைக்கழகம் வழியாக இப்போதே விண்ணப்பியுங்கள். லீவ் கடிதம் கொடுக்கும்போது அனுமதி கையில் இல்லையென்றால் விண்ணப்பித்த நகலை வையுங்கள். அக்டோபருக்குள் வராது போலிருந்தால், லீவ் தொடங்கும் முன்பே தேதியை மாற்றக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. பறவைகள் சீக்கிரம் கிளம்பி, பிப்ரவரிக் கடைசியிலேயே கணக்கெடுப்பு முடிந்துவிட்டால், மார்ச்சை ஆய்வேடு எழுத வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். படிப்பு முன்னதாக முடிந்தால் பணியில் சேர்ந்துவிட வேண்டும். மீதி நாட்களைச் சாதாரண லீவாகக் கருத வேண்டுமானால் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். தரவைச் சரிபார்க்கவும் தொகுக்கவும் மார்ச் தேவை என்றால், மாதவாரித் திட்டத்தில் மார்ச்சுக்கு நேரே அதை இப்போதே எழுதிவிடுங்கள்.