ஒரு ‘த’ கூடினால்: ஆல், ஆலும் பற்றிய கேள்வி பதில்

குன்னூரில் உட்கார்ந்து ஆங்கில அறிவிப்புகளையும் ஒப்பந்தங்களையும் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, குன்னூர்: அக்கா, இஃப் என்றால் ‘ஆல்’, ஆல்தோ என்றால் ‘ஆலும்’. இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் போதுமா?

முதல் பாதியை வைத்து ஓரளவு ஓட்டிவிடலாம். இரண்டாம் பாதிதான் காலை வாரிவிடும். இந்த இரண்டு வரியையும் சொல்லிப் பார்:

மழை பெய்தாலும் பறிப்பு நடக்கும்.
மழை பெய்தாலும் பறிப்பு நடந்தது.

முதல் வரியில் மழை வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் அது ஈவன் இஃப். இரண்டாவதில் மழை பெய்துவிட்டது, அதனால் அது ஆல்தோ. ஆனால் ‘பெய்தாலும்’ ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது கடைசி வினை மட்டும். ஆங்கிலத்தில் பேசுகிறவர் வாயைத் திறக்கும்போதே எது என்று முடிவு செய்தாக வேண்டும். நமக்கு அது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். அதனால் கடைசி வினை வரைக்கும் படித்துவிட்டு மொழிபெயர்க்க ஆரம்பி.

நடந்தது உறுதி என்றால் அதற்கென்றே நம்மிடம் வேறொரு வடிவமும் உண்டு: ‘பெய்தும்’. மழை பெய்தும் குளம் நிறையவில்லை. இதைச் சொன்னால் மழை பெய்தது என்பதில் சந்தேகமே இல்லை. நிறையும் என்று எதிர்பார்த்து ஏமாந்ததும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சிறு விவசாயி, கோத்தகிரி: நாங்க தேயிலை போடுற ஃபேக்டரியில ‘இலை ஈரமாக இருந்ததால் எடை கழிக்கப்படும்’னு போர்டு வெச்சிருக்காங்க. நான் கொண்டுபோறது காய்ஞ்ச இலை. எனக்கும் கழிப்பாங்களா?

அவர்கள் எழுத நினைத்தது ‘இருந்தால்’. எழுதியது ‘இருந்ததால்’. ஒரே ஒரு ‘த’ கூடிப்போனதில் நிபந்தனை குற்றச்சாட்டாக மாறிவிட்டது.

‘இருந்தால்’ என்பது எதையும் உறுதி செய்வதில்லை. ஈரமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘இருந்ததால்’ அப்படி இல்லை. ‘இருந்தது’ என்ற சொல்லோடு, கையால், மழையால் என்கிறோமே, அந்த ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் ஈரமாக இருந்தது உண்மை, அதுதான் காரணம் என்று ஆகிவிடுகிறது. போர்டை எழுத்துக்கு எழுத்து படித்தால் எல்லாருடைய இலையும் ஏற்கெனவே ஈரம்.

சந்தேகம் வந்தால் முன்னால் ‘ஒருவேளை’ போட்டுப் பாருங்கள். ‘ஒருவேளை ஈரமாக இருந்தால்’ என்பது இயல்பாக வருகிறது. ‘ஒருவேளை ஈரமாக இருந்ததால் கழிக்கப்படும்’ என்று நாக்கு சொல்லாது. மலை ரயிலும் இப்படித்தான். கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவில் மண் சரிந்தால் ரயில் நிற்கும், மண் சரிந்ததால் ரயில் நின்றது. ‘த’வை எண்ணுங்கள். நான் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அச்சுக்குப் போகும் முன் இதைத்தான் முதலில் எண்ணுவேன்.

உங்கள் இலையில் கழிப்பார்களா என்பது தராசுக்காரர் கையில் இருக்கிறது. போர்டைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊட்டி: ‘பெய்தாலும் பறிப்பு நடந்தது’ என்று எழுதியது பிழை. நடந்து முடிந்ததற்குப் ‘பெய்தும்’ என்பதே முறை. ‘ஆலும்’ ஐயத்துக்கு உரியது. மாணவர்களுக்குத் தவறாகச் சொல்லித் தராதீர்கள்.

ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். நடந்ததை அழுத்திச் சொல்ல ‘பெய்தும்’தான் வலுவானது. ஆனால் ‘ஆலும்’ ஐயத்தைக் காட்டும் என்பதை ஏற்க முடியவில்லை. ‘வயசானாலும் மனுஷன் தினமும் டைகர் ஹில் ஏறுகிறார்’ என்கிறோம். அவருக்கு வயதானதில் என்ன ஐயம்? ‘ஆலும்’ நடந்தது என்றும் சொல்லாது, நடக்கவில்லை என்றும் சொல்லாது. மிச்ச வாக்கியமும் இடமும் அதை முடிவு செய்யும்.

‘தும்’ போக முடியாத இடமும் உண்டு. ஏவலோடும் எதிர்காலத்தோடும் அது ஒட்டாது. ‘மழை பெய்தாலும் வா’ என்று கூப்பிடலாம். ‘மழை பெய்தும் வா’ என்று யாரும் கூப்பிடுவதில்லை.

இதில் நானே பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஈரமாக இருந்தாலும் இலையை எடுத்துக்கொள்வோம் என்பதுதான் ஆங்கிலத்தில் இருந்த செய்தி. அழகாக இருக்கும் என்று ‘ஈரமாக இருந்தும் எடுத்துக்கொள்ளப்படும்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் பறிக்கும் அம்மா ஒருவர் வந்து, “எங்க இலை ஈரம்னு உனக்கு யாரு கண்ணு சொன்னது?” என்று கேட்டார். அவர் படித்தது சரி, நான் எழுதியதுதான் தப்பு.

தனியார் நிறுவன ஊழியர், கூடலூர்: இஃப்-க்கு ஆல், ஆல்தோவுக்கு ஆலும். சரியா மேடம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

பள்ளி மாணவன், அரவங்காடு: ஆல்தோ என்கிற சொல்லில் வரும் ‘ஆல்’ நம்ம ‘ஆல்’ தானா?

இல்லை தம்பி, காதுக்குத்தான் ஒன்று.

பேருந்து ஓட்டுநர், குன்னூர்: வாத்தியார் சொல்றது புரியலீங்க. ‘பனி இருந்தாலும் வண்டி எடுத்தேன்’னுதான் நாங்க டிப்போவுல சொல்றோம். பனி இருந்துச்சு. இது தப்பா?

தப்பே இல்லை. ‘பனி இருந்தும் எடுத்தேன்’ என்றும் சொல்லலாம், ஆனால் சாயல் மாறும். ‘எடுத்திருக்கக் கூடாது, ஆனாலும் எடுத்தேன்’ என்பது போல அதில் கொஞ்சம் தொனிக்கும். ‘இருந்தாலும்’ என்று சொன்னால் அந்தப் பாரம் இல்லை. விசாரணைக்கு எழுதிக் கொடுக்கும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

அதே தமிழாசிரியர்: டிப்போ வழக்கு இலக்கணம் ஆகாது. தொல்காப்பியமும் நன்னூலும் ‘செயின்’ என்ற வாய்பாட்டைத்தான் தருகின்றன. ‘வரின்’, ‘காணின்’ இருக்க, ‘வந்தால்’ என்பதையே நான் தயங்கித்தான் ஏற்கிறேன்.

ஐயா, ‘செயின்’ இருப்பது உண்மை, நீங்கள் எடுத்துக் காட்டியதற்கு நன்றி. அதையே வைத்துப் பார்ப்போம். குறளில் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று வருகிறது. ‘கேட்பின்’ என்ற நிபந்தனையோடு ‘உம்’ சேர்ந்து ‘கேட்பினும்’. இன்று ‘கேட்டால்’ என்பதோடு ‘உம்’ சேர்ந்து ‘கேட்டாலும்’. உருபு மாறியிருக்கிறது, கட்டுமானம் அப்படியே இருக்கிறது. ‘யார்’ முன்னால் வந்து ‘உம்’ பின்னால் வந்ததும் ‘யாராக இருந்தாலும்’ என்ற பொருள் கிடைக்கிறதே, அதுவும் இன்றுவரை மாறவில்லை. ‘யார் வந்தாலும் கதவைத் திறக்காதே’ என்று வீட்டில் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு இதற்கு வேறு ஒரு சொல்லே வேண்டும், ஹூஎவர் என்று. நமக்கு அதே ‘ஆலும்’ போதும்.

‘செயின்’ வாய்பாட்டை மதித்துக்கொண்டே ‘செய்தால்’ எழுதலாம் என்பது என் நிலை. நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும்.

இளம் மொழிபெயர்ப்பாளர், ஊட்டி: இஃப், வென் இரண்டுக்கும் நாம் ‘ஆல்’ போடுகிறோம். திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது எதை எடுப்பது?

நல்ல கேள்வி. ‘விடிந்தால் கல்யாணம்’ என்கிறோம். விடியாமல் போகுமா? போகாது. அதை இஃப் என்று மாற்றினால் சூரியன் மேலேயே சந்தேகப்பட்டது போல ஆகிவிடும். அங்கே வென் தான் வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை வந்தால் சந்தை’ என்பதும் அதே வகை. ஆனால் எல்லாம் இவ்வளவு தெளிவாக இருக்காது. கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி 2018-ல் பூத்தது. 12 வருடத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. ‘2030-ல் பூத்தால் போகலாம்’ என்று ஒருவர் சொன்னால் அது நம்பிக்கையா சந்தேகமா? தமிழ் இரண்டையும் திறந்தே வைத்திருக்கிறது, ஆங்கிலம் ஒன்றைப் பிடிக்கச் சொல்கிறது. சொன்னவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இஃப் இன்னொரு வேலையும் பார்க்கும். ‘அவன் வருவானா என்று கேள்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் இஃப் வரலாம். அதைப் பார்த்த உடனே ‘அவன் வந்தால் கேள்’ என்று எழுதினால் போச்சு. அவன் வரும்வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

இல்லத்தரசி, வெலிங்டன்: ‘வந்தால்’ இறந்தகாலமா? ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோமே?

‘வந்த்’ என்ற பகுதி பார்க்க இறந்தகாலம் போல இருக்கிறது, ஆனால் அதில் காலம் இல்லை. அது முடிந்த பிறகு அடுத்தது நடக்கும் என்ற வரிசையைத்தான் காட்டுகிறது. அதனால்தான் நடக்காமல் போன பழையதைச் சொல்ல அது மட்டும் போதவில்லை, ‘இருந்து’ தேவைப்படுகிறது. ‘நேற்றே சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.’ சொல்லவும் இல்லை, வரவும் இல்லை என்று அதில் தெளிவாகத் தெரிகிறது.

பெற்றோர், கோத்தகிரி: என் மகனுக்கு ஆங்கில டென்ஸ் எல்லாம் சொல்லித் தருவீர்களா?

அது என் துறை இல்லை. பள்ளி ஆங்கில ஆசிரியரைக் கேளுங்கள்.

பெயர் தராதவர்: ஆல்தோவுக்கு ஆலும் தானே?

மூன்றாவது முறையாக வருகிறது. கடைசி வினையைப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள்.

அதே சிறு விவசாயி, கோத்தகிரி: அம்மணி, சொன்னேன். ஒரு ‘த’வை மட்டும் பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டாங்க. கீழ் வரியில ‘மழையில் நனைந்ததும் இலை எடுத்துக்கொள்ளப்படும்’னு இருக்கு. அதுலயும் ‘த’வை மறைச்சுடலாமான்னு கேக்குறாங்க.

மறைக்கச் சொல்லாதீர்கள். இப்போது இருப்பது, இலை நனைந்த உடனே வந்து எடுத்துக்கொள்வோம் என்கிறது. வந்ததும், போனதும் என்கிறோமே, அதுதான் இது. ‘த’வை மறைத்தால் ‘நனைந்தும்’ ஆகும். அப்போது எல்லா இலையும் நனைந்துவிட்டது என்று மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிடும், ‘எடுத்துக்கொள்ளப்படும்’ என்பதோடு ஒட்டவும் ஒட்டாது. அந்த ஒரு சொல்லை முழுசாக அழித்துவிட்டு ‘நனைந்தாலும்’ என்று எழுதச் சொல்லுங்கள். இடம் பத்தாது என்றால் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கட்டும்.