ஏற்காட்டுல 61% ஆதரவுன்னா ±5 போதுமா?

"சேலம் மாவட்ட சர்வே, 400 பேரு, ±5%னு நியூஸ் கார்டு வந்துச்சு. ஏற்காட்டுக்காரங்க 61% பேர் மலைப்பாதைய ஒருவழி ஆக்கச் சொல்றாங்களாம், இதான் ஆதாரம்னு குரூப்ல சண்டை. நம்பலாமா?"

இல்லீங்க, அந்த ±5 மாவட்டம் முழுக்க கேட்ட 400 பேருக்குத்தான், ஏற்காட்டுக்கு இல்ல. கார்டுல ஓரத்துல பொடி எழுத்துல பாருங்க, ஏற்காட்டுல எத்தன பேருன்னு இருந்தாலும் இருக்கும். 36 பேருன்னு வைங்க, அதுல 22 பேர் ஆமான்னா 61% வந்துடும். இந்த ±ங்கிற பிழை வரம்புக்கு சுமாரான கணக்கு 1/√n, nங்கிறது கேட்ட ஆளுங்க எண்ணிக்கை, 400க்கு 1/20 அதாவது 5%, 36க்கு 1/6, கிட்டத்தட்ட 17%. அப்போ உண்மை 44லேர்ந்து 78க்குள்ள எங்க வேணா இருக்கலாம், பாதிப்பேர் தாண்டுச்சான்னே உறுதியா சொல்ல முடியாது, இதுவும் நூத்துக்கு 95 தடவை சரியா வர்ற கணக்குதான்.

இன்னொண்ணு, இந்தக் கணக்கு ஆளுங்கள குலுக்கல் மாதிரி எடுத்தாத்தான் செல்லும். ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைல போட்டிங் போக நின்னவங்கள பிடிச்சு கேட்டிருந்தா அதுல பாதி வெளியூர்காரங்க (எங்க அத்தை வீட்டுக்குப் போனாலே பார்க்கிங் கெடைக்காது, அவ்ளோ வண்டி), அந்தத் தப்ப எந்த ± நம்பரும் காட்டாது. அதனால குரூப்ல ரெண்டே கேள்வி கேளுங்க, ஏற்காட்டுல எத்தன பேரு, எங்க வச்சு கேட்டாங்க.