பத்து கையில இருந்தா பதினெட்டும் வரும்

கேள்வி: சார், எந்த நம்பர் குடுத்தாலும் அதுல பத்து பர்சன்ட் டக்குனு சொல்லிடுவேன், கடைசி சைபர அடிச்சா முடிஞ்சுது. ஆனா 15, 18, 35னு யாராவது கேட்டா போன எடுத்து தட்ட வேண்டியதா இருக்கு, நாலு பேரு முன்னாடி கூச்சமா இருக்கு. மனசுலயே போட வழி சொல்லுங்களேன்.

பதில்: முதல்ல அந்த சைபர அடிக்கற பழக்கத்த விடுங்க, பாதி சிக்கல் அங்கதான் இருக்கு. 640க்கு அடிச்சா 64, சரி. 365க்கு எந்த சைபர அடிப்பீங்க? இந்த இடத்துல நிறைய பேரு கடைசில இருக்கற 5ஐ தூக்கிப் போட்டுட்டு 36னு சொல்லிட்டு போயிடறாங்க, அரைதான போச்சுன்னு தோணும், ஆனா அந்த 36ஐ வச்சு நாப்பது பர்சன்ட் போட்டா 144 வரும், நிஜ விடை 146, அதாவது அந்த அரை நாலு மடங்காகி ரெண்டா நிக்குது. அதனால எதையும் அடிக்காதீங்க, புள்ளிய இடது பக்கம் ஒரே ஒரு இடம் நகத்துங்க. முழு நம்பருக்கு புள்ளி கண்ணுக்கு தெரியாது, ஆனா வால்ல ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. 365க்கு 36.5, 7க்கு 0.7, 64.5க்கு 6.45. அதே புள்ளிய இன்னொரு இடம் தள்ளினா ஒரு பர்சன்ட். இந்த ரெண்டு நகத்தல்தான் உங்க முழு மூலதனம், மிச்சம் எல்லாம் இரட்டிக்கறதும் பாதியாக்கறதும்தான்.

போன மாசம் எங்க அக்கா பொண்ணு கணக்கு போட்டுட்டு இருந்தா, 360ல அஞ்சு பர்சன்ட் எவ்ளோன்னு கேட்டேன், நிமிஷம் கூட ஆகல, 72னு சொல்லிட்டா. எப்டிம்மான்னா, "பத்து பர்சன்ட்னா பத்தால வகுக்கறோம்ல மாமா, அப்ப அஞ்சு பர்சன்ட்னா அஞ்சால வகுக்கணும்"னா. கேக்க எவ்ளோ நியாயமா இருக்கு பாருங்க. பெரியவங்களே இதுல விழறத நான் பாத்திருக்கேன். நான் ஒண்ணும் திருத்தல, சரி, பத்து பர்சன்ட் எவ்ளோன்னு மட்டும் கேட்டேன். 36னா. சொல்லி முடிச்ச உடனே நாக்க கடிச்சுக்கிட்டா, அஞ்சு எப்டி பத்த விட பெருசா இருக்கும்னு அவளுக்கே தோணிடுச்சு, அப்பறம் 36ல பாதி 18னு அவளே சொன்னா.

நடந்தது என்னன்னா, பத்தால வகுத்தா பத்து பர்சன்ட் வர்றது நூறுக்குள்ள பத்து பத்து தடவ அடங்கறதால மட்டும்தான், வேற எந்த பர்சன்ட்டுக்கும் அந்த பொருத்தம் கிடையாது. அஞ்சு நூறுக்குள்ள இருவது தடவ அடங்கும், அதனால அஞ்சு பர்சன்ட்டுக்கு இருவதால வகுக்கணும், இருவது பர்சன்ட்டுக்கு அஞ்சால வகுக்கணும், அப்டியே தலைகீழ். அவ சொன்ன 72 இருவது பர்சன்ட்டோட விடை. இத மனப்பாடம் பண்ண வேண்டாம், வகுக்கற யோசனையே வேண்டாம், எப்பவும் பத்த எடுத்து அதுலேர்ந்து ஏறுங்க இல்ல இறங்குங்க. அந்த பத்து வேலி மாதிரியும் நிக்கும், பத்துக்கு கீழ கேட்டா விடை அதுக்கு உள்ள இருக்கணும், இருவதுக்கும் முப்பதுக்கும் நடுவுல கேட்டா விடை அதோட ரெண்டு மடங்குக்கும் மூணு மடங்குக்கும் நடுவுல இருக்கணும். தாண்டி போச்சுன்னா எங்கயோ புள்ளி எகிறிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப நீங்க கேட்ட மூணையும் பாப்போம். பதினஞ்சு ரொம்ப சுலபம், பத்தும் அதுல பாதியும். 780னா 78, பாதி 39, கூட்டினா 117. முப்பத்தஞ்சுக்கு அந்த 78ஐ மூணு மடங்காக்குங்க 234, அதே 39ஐ சேருங்க 273.

பதினெட்டுதான் கொஞ்சம் நின்னு பாக்க வேண்டியது, ஏன்னா இதுக்கு ரெண்டு பாதை இருக்கு, அதுல ஒண்ணு மனசுக்கு ரொம்ப பாரம். 2,460ல பதினெட்டு வேணும்னு வைங்க. எல்லாரும் மொதல்ல போற பாதை பத்து, அஞ்சு, மூணு. பத்துக்கு 246, அஞ்சுக்கு 123, ஒரு பர்சன்ட் 24.6, மூணுக்கு 73.8, இப்ப 246ஐயும் 123ஐயும் 73.8ஐயும் சேத்து கூட்டணும். பேப்பர்ல போட்டா பிரச்சனை இல்ல. தலைக்குள்ள போடும்போது 73.8ஐ கண்டுபிடிக்கறதுக்குள்ள 123 ஞாபகத்துலேர்ந்து நழுவிடும், எனக்கும் நழுவும். மனக்கணக்குல மாட்டிக்கறவங்க முக்காவாசி பேரு கணக்கு தெரியாம மாட்டறதில்ல, ஒரே நேரத்துல மூணு நம்பர தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறதாலதான் மாட்டறாங்க.

ரெண்டாவது பாதை, பதினெட்டுன்னா இருவதுக்கு ரெண்டு கம்மி. 246ஐ இரட்டிச்சா 492, இது இருவது பர்சன்ட். கழிக்க வேண்டிய ரெண்டு பர்சன்ட் எங்க இருக்குன்னு தேடவே வேணாம், ரெண்டுங்கறது இருவதுல பத்துல ஒண்ணு, அதனால அதே 492க்கு புள்ளிய ஒரு இடம் தள்ளினா 49.2. கையில ஒரே நம்பர்தான், அதுலேர்ந்து அதோட பத்துல ஒண்ண கழிக்கறோம். கழிக்கறதயும் நோகாம பண்ணலாம், 492லேர்ந்து 50 போனா 442, கூட எடுத்த 0.8ஐ திருப்பி குடுத்தா 442.8. வேலிய பாருங்க, பத்து 246, இருவது 492, நம்ம விடை இருவதுக்கு கொஞ்சம் கீழ உக்காந்திருக்கு, சரியான இடம்தான்.

இதே கண்ணோட பாத்தா ஒன்பது பர்சன்ட்டும் பத்துலேர்ந்து அதோட பத்துல ஒண்ணு கழிக்கறதுதான், இருவத்தேழு முப்பதுலேர்ந்து அதோட பத்துல ஒண்ணு, முப்பத்தாறு நாப்பதுலேர்ந்து அதோட பத்துல ஒண்ணு. முப்பத்தேழுன்னு கேட்டா? இதுக்கு அந்த சொகுசு கிடையாது, நாப்பதுலேர்ந்து மூணு கழிங்க. 850னா பத்துக்கு 85, நாப்பதுக்கு 340, அத ஓரமா வச்சுட்டு ஒரு பர்சன்ட் 8.5, மூணுக்கு 25.5, கழிச்சா 314.5. இதையே பத்து பத்து பத்து அஞ்சு ஒண்ணு ஒண்ணுன்னு ஆறு துண்டா கட்டலாம், விடையும் வரும், ஆனா ஆறாவது துண்டு வர்றதுக்குள்ள எத்தனையாவதுல இருக்கோம்னே மறந்துடும். என் கணக்கு என்னன்னா மூணு துண்டுக்கு மேல போகுதுன்னா பாதை தப்பு, வேற பக்கமா சுத்தி வரணும்.

பாதியாக்கறதுக்கு இன்னொரு அழகு இருக்கு. பதினேழரை பர்சன்ட்னு கேட்டா பயங்கரமா தெரியும், ஆனா அது பத்து, அஞ்சு, ரெண்டரை, ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறதுல பாதி. அதே 2,460க்கு 246, 123, 61.5. இங்க மூணு துண்டு இருந்தாலும் எதையும் சேத்து வைக்க வேண்டியதில்ல, 246ஐயும் 123ஐயும் உடனே கூட்டி 369னு ஒண்ணாக்கிட்டு, 123ல பாதி 61.5ஐ அதுமேல ஏத்தினா 430.5. சொல்லப்போனா இந்த படியெல்லாம் நம்ம பழைய எண்சுவடில பேரோடயே இருந்துது, இருவதுல ஒண்ணுக்கு மா, அதாவது அஞ்சு பர்சன்ட், பத்துல ஒண்ணுக்கு இருமா, நாப்பதுல ஒண்ணுக்கு அரைமா, அப்ப பதினேழரைங்கறது இருமா, ஒரு மா, அரைமா, அவ்ளோதான். மும்மான்னா பதினஞ்சு பர்சன்ட், ஒரே வார்த்தைல. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நம்பர் இப்டி நல்லா இல்லாம 3,847னு வந்தா என்ன பண்றது? பக்கத்துல இருக்கற வசதியான நம்பருக்கு போயிடுங்க, 3,850. பதினஞ்சு பர்சன்ட்னா 385, பாதி 192.5, மொத்தம் 577.5. எவ்ளோ தப்பு வந்திருக்கும்னு கூட தெரிஞ்சுக்கலாம், நம்பர்ல 3 கூட்டினோம், அதனால விடைல 3ஓட பதினஞ்சு பர்சன்ட் கூடியிருக்கு, அதாவது 0.45. துல்லியமா வேணும்னா கழிச்சு 577.05னு சொல்லுங்க, வேண்டாம்னா 577ன்னு சொல்லிட்டு போங்க. பாத்து பண்ண வேண்டியது ஒண்ணுதான், நம்பர மொதல்லயே ரவுண்ட் பண்ணுங்க, பத்து பர்சன்ட் எடுத்த அப்பறம் அத ரவுண்ட் பண்ணி மடங்காக்காதீங்க, அந்த 36 பட்ட பாடுதான் திரும்ப வரும்.

சில சமயம் பத்து கூட வேண்டாம். 25ல பதினாறு பர்சன்ட் எவ்ளோன்னு கேட்டா திருப்பி போடுங்க, 16ல இருவத்தஞ்சு பர்சன்ட், கால்வாசி, 4. பெருக்கல எந்த பக்கத்துலேர்ந்து செஞ்சாலும் ஒண்ணுதான, அதனால ரெண்டும் எப்பவும் ஒரே விடை. நம்பர் 25, 50, 20னு வந்தா மொதல்ல இத பாருங்க.

கடைசியா ஒரு குழி, இதுல நானே விழுந்திருக்கேன். கணக்கு எழுதற வேலைல சேந்த புதுசு, பத்து பர்சன்ட் குறைச்ச அப்பறம் 540, குறைக்கறதுக்கு முன்னாடி எவ்ளோன்னு கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல, 540க்கு பத்து பர்சன்ட் 54, கூட்டினா 594னு எழுதி குடுத்துட்டேன், பக்கத்து சீட்டு அண்ணன் பாத்துட்டு, "594லேர்ந்து பத்து பர்சன்ட் கழிச்சு காட்டு தம்பி"ன்னாரு. 59.4 போனா 534.6 வருது, 540 வரல. குறைச்சது பெரிய நம்பரோட பத்து பர்சன்ட், நான் கூட்டினது சின்ன நம்பரோட பத்து பர்சன்ட், ரெண்டும் எப்டி ஒண்ணாகும்? கையில இருக்கற 540ங்கறது பழசோட தொண்ணூறு பர்சன்ட், அதாவது ஒன்பது பத்து பர்சன்ட். அதனால ஒன்பதால வகுத்தா ஒரு பத்து பர்சன்ட் 60, அந்த மாதிரி பத்து சேந்தா 600. இருவது பர்சன்ட் குறைச்சிருந்தா கையில இருக்கறது எட்டு பத்து, எட்டால வகுக்கணும். மாறா, பத்து பர்சன்ட் கூட்டின அப்பறம் 660னு இருந்தா அது பதினொரு பத்து, பதினொண்ணால வகுத்தா 60, இங்கயும் பழசு அதே 600தான்.